நாலாம் பக்கத்துப் பத்தி

என் அண்ணனுக்கு வியாபாரம் தெரியும், மனிதர்களைத் தெரியும், ரப்பரைத் தெரியும். படிப்பது மட்டும் ஆகாது. ஆறு பக்கக் கடிதத்தைக் கையில் கொடுத்தால் தனக்குப் பிடித்த பக்கத்தை மட்டும் படிப்பார். மற்றதெல்லாம் வக்கீல்கள் பிழைப்புக்காக எழுதியது என்று மடித்து வைத்துவிடுவார். அந்த வக்கீல்களில் தன் தங்கையும் ஒருத்தி என்பதை அவர் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. எனக்கு நாற்பத்தாறு வயது. இன்னமும் ஆபீஸில் பத்துப் பேர் முன்னால் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்.

எங்கள் தொழிற்சாலையில் குளிர் அறைக் கதவுகளின் ஓரத்தில் ஒட்டும் ரப்பர் பட்டை செய்கிறோம். கடும் குளிரில் சாதாரண ரப்பர் விறைத்து வெடித்துவிடும். எங்கள் பட்டை வெடிக்காது. அதில் என்னென்ன சேர்கிறது என்பதை யார் வேண்டுமானாலும் ஒரு துண்டை வாங்கி ஆய்வகத்தில் கொடுத்துத் தெரிந்துகொள்ளலாம். எதை எப்போது சேர்க்கிறோம், நடுவில் கலவையை எவ்வளவு நேரம் ஆறப்போடுகிறோம் என்பதை எந்த ஆய்வகமும் சொல்லாது. எங்கள் குடும்பம் உட்கார்ந்து சாப்பிடுவது அந்த வரிசையை நம்பித்தான்.

அது முழுதாகத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் அண்ணன். இன்னொருவன் அண்ணியின் தம்பி. கலவைக்கூடம் முழுக்க அவன் பொறுப்பு. ரப்பரை முகர்ந்து பார்த்தே வெந்ததா, கருகியதா என்று சொல்லிவிடுவான். அதனால் அவனை எல்லோரும் மூக்கு என்றே கூப்பிடுவோம். நல்லவன். கெட்டிக்காரன். ஆனால் அவனிடம் யாராவது ஒரு சந்தேகம் கேட்டுவிட்டால் போதும், பதில் சொல்லாமல் விட்டால் அவனுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

எங்களிடம் பட்டை வாங்கிக்கொண்டிருந்த ஒரு பெரிய கதவு கம்பெனி, சேர்ந்து ஒரு புதிய நிறுவனம் தொடங்கலாமா என்று கேட்டது. அவர்களுடைய இடம், அவர்களுடைய இயந்திரங்கள், எங்களுடைய கலவை. அதற்கு முதல் படியாக ஒரு விருப்பக் கடிதம் போட்டுக்கொண்டோம். அது ஒப்பந்தம் அல்ல. ஒப்பந்தம் செய்துகொள்ள இரண்டு பேருக்கும் எண்ணம் இருக்கிறது என்று சொல்லும் காகிதம், அவ்வளவுதான்.

இரண்டாம் பக்கத்தில் ஆளுக்குப் பாதிப் பங்கு, இயக்குநர் குழுவில் ஆளுக்கு இரண்டு இடம், தொழில்நுட்பத் தலைவரை நாங்கள் நியமிப்போம் என்றெல்லாம் இருந்தது. அதன் கீழேயே, இவை எதுவும் யாரையும் கட்டுப்படுத்தாது, இறுதி ஒப்பந்தம் கையெழுத்தானால்தான் செல்லும் என்றும் இருந்தது. நாலாம் பக்கம் வேறு. மூன்று மாதம் வேறு யாருடனும் இதுபற்றிப் பேசக் கூடாது, அவரவர் செலவு அவரவருக்கு, தெரிந்துகொண்ட இரகசியத்தை இந்தக் கூட்டு முயற்சியை எடைபோடுவதற்குத் தவிர வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது. இவை மட்டும் கையெழுத்துப் போட்ட நிமிடத்திலிருந்து கட்டுப்படுத்தும். கூட்டு முயற்சி கலைந்துபோனாலும் இரகசியம் காப்பது தொடரும்.

அண்ணன் இரண்டாம் பக்கத்தைத்தான் வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினார். மூக்குக்கு இரண்டு தடவை.

நான் நாலாம் பக்கத்துக்காக மல்லுக்கட்டியவள். வேறு யாருடனும் பேசாமல் ஆறு மாதம் இருங்கள் என்றார்கள். நான் மூன்றாகக் குறைத்தேன். அதற்குப் பதிலாக அவர்களுடைய வக்கீல் ஒரு பத்தியைக் கேட்டு வாங்கினார். காதைக் கிட்டே கொண்டுபோனால்தான் கேட்கும் அளவுக்கு மெதுவாகப் பேசுகிற மனிதர். அந்தப் பத்தி இதுதான்: காகிதத்தில் கொடுக்கும் தகவலில் இரகசியம் என்று முத்திரை இருக்க வேண்டும். வாயால் சொன்ன தகவல் என்றால், சொன்ன பதினைந்து நாளுக்குள், இன்னது சொன்னோம் என்று இனம்காட்டி, நிர்வாக இயக்குநர், எங்கள் பக்கம் அண்ணன், கையெழுத்துப் போட்ட கடிதத்தை அலுவலக நேரத்துக்குள் அவர்கள் விலாசத்தில் நேரில் சேர்த்திருக்க வேண்டும். சேர்க்காவிட்டால் அது இரகசியமே இல்லை. அவர்கள் அதை வைத்து என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம்.

இது பல கடிதங்களில் வருகிற பத்திதான். நான் முத்திரை ஒன்று செய்து, எங்களிடமிருந்து போன ஒவ்வொரு காகிதத்திலும் குத்தினேன். மூக்கைக் கூப்பிட்டு, "வாயத் திறக்காத, எது கேட்டாலும் எழுதிக் கேக்கச் சொல்லு" என்றேன். "நான் என்ன சின்னக் குழந்தையாக்கா?" என்றான். அவன் நெற்றியில் ஒரு முத்திரை குத்தியிருக்க வேண்டும்.

ஒரு புதன்கிழமை பிற்பகல், நான் தொழிற்சாலை ஆபீஸில் வேறொரு வேலையாக உட்கார்ந்திருந்தேன். மூக்கு கைபேசியோடு வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"அக்கா, இதப் பாருங்க. அந்தக் கம்பெனிப் பொண்ணு, அந்த எஞ்சினியர், நாளைக்கு மீட்டிங்குக்கு அனுப்பிருக்கு. சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க சார்ங்குது. எவ்ளோ கரெக்டா எழுதிருக்கு பாருங்க! பாடம் எடுத்தா இப்படி எடுக்கணும்."

வாங்கிப் பார்த்தேன். சோதனைக் கலவை, படிகள் என்று தலைப்பு. எண்ணெயை இரண்டு பாகமாகப் பிரிப்பது. முதல் பாகத்துக்குப் பிறகு கலவையை இறக்கி ஆறப்போடுவது. எத்தனை மணி நேரம் என்பது. பிறகு மறுபாதி.

எனக்கு இந்த விஷயம் தெரியாது. நான் தெரிந்துகொள்ளவும் விரும்பியதில்லை. ஆனால் வெளியே போகக் கூடாதது இதுதான் என்று படித்த மாத்திரத்தில் புரிந்தது.

"இத நாம எழுதிக் குடுத்தோமா?"

"எழுதில்லாம் குடுக்கல."

"பின்ன?"

"அங்க போயிருந்தோம்ல, இடம் பாக்க. மாமா முதலாளிகூட சாப்பிடப் போயிட்டாரு. நான் இவங்க எஞ்சினியர் ரெண்டு பேர் கூட கேண்டீன்ல இருந்தேன். சும்மா பேசிட்டு இருந்தோம்."

"சும்மா பேசறதாடா இது?"

அவனுடைய சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. நான் மேசைமேல் இருந்த நாட்காட்டியை இழுத்தேன். இடம் பார்க்கப் போனதும் ஒரு புதன்கிழமை. இரண்டு வாரம் முந்தியது. கெடுவில் இன்னும் ஒன்றிரண்டு நாள் மிச்சம் இருக்குமோ என்று ஒரு நப்பாசை. விரலால் எண்ணினேன். திரும்பவும் எண்ணினேன். போன நாளையும் சேர்த்து எண்ணினால் இன்றைக்குப் பதினைந்து. சேர்க்காமல் எண்ணினால் நாளைக்கு. கடிதத்தில் சேர்ப்பதா வேண்டாமா என்று ஒரு வார்த்தை இல்லை. அதை நம்பி ஒரு குடும்பத்தை நாளைக்கு என்று தள்ளிப்போட நான் தயாராக இல்லை.

இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. நாளைக்கு என்று வைத்திருக்கும் இந்தக் கூட்டம் போன வாரமே நடந்திருக்க வேண்டியது. அவர்கள்தான் இரண்டு தடவை தள்ளிவைத்தார்கள்.

அண்ணனைக் கூட்டிவரச் சொன்னேன். அவர் வந்ததும் கைபேசியை நீட்டினேன். படித்துக்கொண்டே வந்தவர் நடுவில் நின்றுவிட்டார். மூக்கைப் பார்த்தார். திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"முழுசா சொன்னியா?"

"இல்ல மாமா. ஆறப்போடற நேரம் மட்டும்தான்..."

"எண்ணெயப் பிரிக்கறது இதுல இருக்கே?"

மூக்கு தரையைப் பார்த்தான். "அதுவும் சொன்னேன். வரிசையும் சொன்னேன்."

"ஏண்டா?" என்றேன் நான். "ஊமையா இருக்கறதுக்கு உனக்கு என்ன வலிச்சுது?"

"அக்கா, அந்தப் புது கம்பெனிக்கு நான்தானே டெக்னிக்கல் தலைவர்? மாமா படிச்சுக் காட்டினாருல்ல? நாளைக்கு எங்கிட்டதானே அவங்க வேல பாக்கப் போறாங்க? எம் பசங்கதானேன்னு சொல்லிக் குடுத்தேன்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் யார்மேல் என்று தெரியவில்லை. அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்குக் காட்டிய பக்கத்தை அவன் நம்பியிருக்கிறான். அந்தப் பக்கத்தின் கீழே இருந்த வரியை அவனுக்கு யாரும் படித்துக் காட்டவில்லை. அண்ணனும் அதைத்தான் நினைத்திருக்க வேண்டும், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

நான் நிலைமையைச் சொன்னேன். இன்றைக்கு அவர்கள் ஆபீஸ் மூடுவதற்குள் உங்கள் கையெழுத்தோடு ஒரு கடிதம் அங்கே போய்ச் சேர வேண்டும். போகாவிட்டால் மூக்கு சொன்னது ஊர்ச் சொத்து. அப்புறம் பாதிப் பங்கு எதற்கு, கூட்டு நிறுவனம் எதற்கு? அவர்களே தனியாகச் செய்துகொள்வார்கள். அங்கே போய்ச் சேர ஒரு மணி நேரம் ஆகும். ஆபீஸ் ஐந்தரைக்கு மூடும். அப்போது மணி மூன்றே கால்.

"லெட்டர் அனுப்பினா என்ன நெனப்பாங்க?" என்றார் அண்ணன்.

"என்ன வேணா நெனச்சுக்கட்டும்."

"பாப்பா, உனக்கு எல்லாத்தயும் கோர்ட்டுக்குக் கொண்டுபோகணும். அந்த மனுஷன் என்னைத் தம்பிங்கறாரு. நாளைக்கு மீட்டிங்க வெச்சுக்கிட்டு இன்னைக்குப் போய், நீங்க திருடிடுவீங்கன்னு எழுதிக் குடுக்கறதா? அதோட இந்தப் பேச்சு முறிஞ்சுரும். பாதிப் பங்குன்னு எழுதிக் குடுத்த ஆளு அவரு."

"அவர் எழுதிக் குடுத்தது ஆச. நாம எழுதிக் குடுக்க வேண்டியது இது."

"நீ அதக் கூட்டு நிறுவனமாவே பாக்கல. மொதல்லேருந்து."

"நான் அந்தக் காகிதத்தப் படிச்சேன். அதத்தவிர நான் பண்ணின தப்பு என்ன?"

குரல் உயர்ந்துவிட்டது. வெளியே தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண் நிறுத்திவிட்டுக் கேட்கிறாள் என்று தெரிந்தது. எழுந்துபோய்க் கதவைச் சாத்தினேன். அண்ணனுக்குள் இந்தக் கூட்டு நிறுவனம் எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். எங்கள் கட்டடம் வாடகைக் கட்டடம். கலவை இயந்திரம் அவரைவிட அதிகமாக இருமும். புதிய இடத்தில் தன் பெயர் போட்ட அறையில் உட்காருவதை அவர் மனசுக்குள் எத்தனையோ தடவை உட்கார்ந்து பார்த்துவிட்டார். அந்த நாற்காலியை நான் இழுத்துவிடுவதாக அவருக்குப் பட்டது. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, இரண்டு அறை விடலாம் போலவும் இருந்தது.

"சரி, எழுது. படிச்சுப் பாக்கறேன்" என்றார் கடைசியில்.

எழுத உட்கார்ந்தபோதுதான் அடுத்த கண்டம் தெரிந்தது. மூக்கு பக்கத்தில் நின்று சொல்ல ஆரம்பித்தான். "முதல்ல இவ்ளோ எண்ணெய்னு போடுங்க, அப்புறம் இத்தன மணி நேரம் ஆறப்போட்டு..." நானும் இரண்டு வரி அடித்துவிட்டேன். பிறகு கை நின்றது. அந்தப் பெண் கேண்டீனில் காதால் கேட்டு எழுதிய குறிப்பு அது. அதில் ஏதாவது விட்டுப்போயிருக்கலாம், தப்பாகவும் இருக்கலாம். நான் எழுதப்போவது நிர்வாக இயக்குநர் கையெழுத்துப் போட்ட திருத்திய பதிப்பு. இரகசியத்தைக் காப்பாற்றப் போய் நானே அதைத் தட்டில் வைத்துக் கொடுத்ததாகிவிடும்.

இரண்டு வரியையும் அழித்தேன்.

"இனம்காட்டினா போதும்னுதான் இருக்கு" என்றேன். "விளக்கணும்னு இல்ல. எது, யார், யாருக்கு, எங்க, எப்போ. அளவு வேண்டாம், நேரம் வேண்டாம்."

"அது பத்துமா?" என்றார் அண்ணன்.

"ரொம்பக் கொறைச்சா, எதச் சொன்னீங்கன்னே புரியலைம்பாங்க. அதிகமா எழுதினா நாமளே சொன்னதாயிடும். நடுவுல நடக்கணும்."

இப்படி எழுதினேன்: இன்ன தேதியில், உங்கள் தொழிற்சாலை உணவகத்தில், எங்கள் கலவைக்கூடப் பொறுப்பாளர் உங்கள் பொறியாளர்கள் இருவரிடம் வாய்மொழியாகத் தெரிவித்த, எங்கள் கலவையின் சேர்ப்பு வரிசை, எண்ணெயைப் பிரித்துச் சேர்க்கும் முறை, இடையில் ஆறவிடும் நேரம் ஆகிய மூன்றும் விருப்பக் கடிதத்தின் கீழ் இரகசியத் தகவல் என்று இதன்மூலம் உறுதிசெய்கிறோம். உங்கள் பொறியாளர் இன்று அனுப்பிய குறிப்பு இந்தத் தகவலைக் கொண்டது. ஆகவே அதுவும் இரகசியத் தகவலே.

கடைசி இரண்டு வாக்கியம் எனக்கே பிடித்திருந்தது. என்ன சொன்னோம் என்பதற்கு அவர்களுடைய காகிதத்தையே சாட்சியாக இழுத்துவிட்டாயிற்று. இனி புரியவில்லை என்று சொல்ல முடியாது.

"யாரு யாருடா அந்த ரெண்டு பேரு?" என்று மூக்கைக் கேட்டேன்.

"அந்தப் பொண்ணு. அப்புறம் இன்னொருத்தரு, வயசானவரு. அவரு ஒண்ணும் பேசல. அந்தப் பொண்ணுகிட்ட அப்பப்போ இதக் கேளு, அதக் கேளுன்னு சொல்லிட்டு இருந்தாரு." சொல்லிக்கொண்டே வந்தவன் நின்றான். அந்தச் சாப்பாட்டு நேரம் எப்படி நடந்தது என்பதை முதல் தடவையாக அவனே பார்த்தான் போலிருக்கிறது. கண் கலங்கிவிட்டது. "அக்கா, நான் பாடம் எடுக்கல இல்ல?"

அச்சு இயந்திரத்திலிருந்து காகிதத்தை எடுத்து அண்ணன் முன்னால் வைத்தேன். பேனாவையும் வைத்தேன். அண்ணன் பேனாவை எடுக்காமல் கைபேசியை எடுத்தார்.

"ஒரு வார்த்த சொல்லிட்டு அனுப்பறேன். அதுதான் மரியாத."

"வேண்டாம்ணே."

அதற்குள் மணி அடித்துவிட்டது. நான் கையெடுத்துக் கும்பிட்டேன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரியாவது போடுங்கள் என்று. போட்டார்.

"சொல்லுங்க தம்பி!" கதவு முதலாளியின் குரல் அறை முழுக்க வந்து உட்கார்ந்தது. அண்ணன் சுற்றி வளைத்து விஷயத்தைச் சொன்னார். நம்ம பையன் ஏதோ உளறிவிட்டான், ஒரு சம்பிரதாயத்துக்கு ஒரு கடிதம் வரும், தப்பாக நினைக்கக் கூடாது என்றார்.

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. "என்ன தம்பி இதுக்கெல்லாம் லெட்டரு? நாம என்ன அந்நியமா? அந்தச் சட்டம்லாம் வக்கீலுங்க பாத்துக்குவாங்க. நாளைக்குத்தான் மீட் பண்றோமே. மீட்டிங் குறிப்புல போட்டுருவோம், இது ரகசியம்னு. முடிஞ்சுது. வீணா ஒரு ஆள அலைய விடாதீங்க."

அண்ணனின் முகத்தில் ரத்தம் திரும்பியது. என்னை வெற்றியோடு பார்த்தார். நாளைக்கு. முதலாளி சொன்னதில் எனக்குக் கேட்டது அந்த ஒரு சொல்தான். ஒரு துண்டுக் காகிதத்தில் பெரிதாக எழுதி அண்ணன் கண்ணுக்கு நேரே பிடித்தேன்: இப்பவே அதை ஒரு வரி மெயிலில் போடச் சொல்லுங்க. இரகசியம், ஒப்புக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

அண்ணன் முறைத்தார். பிறகு, எனக்காகத்தான், என்னை வாயடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் கேட்டார். "அண்ணே, இங்க எங்க பாப்பா வக்கீலு, அவ தொல்ல தாங்கல. இப்ப நீங்க சொன்னத ஒரே வரி மெயில்ல போட்டுட்டீங்கன்னா இந்த லெட்டரே வேண்டாம். ரகசியம்னு ஒத்துக்கறோம்னு. ஒரே வரி."

சிரிப்பு வரவில்லை. ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அவர் கைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு யாரிடமோ ஏதோ சொல்வது மங்கலாகக் கேட்டது. பதில் சொன்ன குரல் கேட்கவில்லை. அவ்வளவு மெதுவாகப் பேசுகிற ஒருவரை மட்டும்தான் எனக்குத் தெரியும்.

"தம்பி, எழுத்துல குடுக்கறதுன்னா எங்க லீகல்ல பாத்துதான் குடுக்கணும். நாளைக்கு நேர்ல பேசிக்கலாமே. என்ன அவசரம்?"

"ஒரு வரிதானேண்ணே?"

"நாளைக்குப் பேசலாம் தம்பி."

வைத்துவிட்டார்.

அண்ணன் கைபேசியைக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். அவர் முகத்தை நான் அதற்கு முன் அப்படிப் பார்த்ததில்லை. ஏமாற்றம் என்றால் ஏமாற்றம், ஆனால் அதைவிட வெட்கம். சொன்னேனா இல்லையா என்று கேட்க வாய் துருதுருத்தது. ஜென்மத்தில் ஒரு தடவை அடக்கிக்கொண்டேன். அவர் பேனாவை எடுத்தார். கடிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும், உதடு அசைய, முழுக்கப் படித்தார். அப்புறம் கையெழுத்துப் போட்டார். இரண்டு பிரதி.

"போ பாப்பா. நேரமாகுது."

மூக்கையும் கூட்டிக்கொண்டேன். யார் யாரிடம் சொன்னது என்று யாராவது தகராறு செய்தால் ஆள் வேண்டும். காரை அவன்தான் ஓட்டினான். ஒவ்வொரு சிக்னலிலும் நான் சிவப்பு விளக்கைத் திட்டிக்கொண்டு வந்தேன். பாலத்து ஏற்றத்தில் ஒரு லாரி பழுதாகி நின்றிருந்தது. அதைத் தாண்டுவதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. கதவு கம்பெனி வாசலில் இறங்கியபோது ஐந்து மணி தாண்டிவிட்டது. உள்ளே குளிர்சாதனம் மேலே ஊசி குத்துகிற மாதிரி அடித்தது. சுவரில் பளபளவென்று கதவுகளின் படம். வரவேற்பு மேசையில் இருந்த இளைஞர் கைப்பையை மூடி வைத்திருந்தார்.

"இந்த லெட்டர வாங்கிட்டு பிரதில முத்திர போட்டு, நேரத்த எழுதிக் குடுங்க" என்றேன்.

அவர் உறையின் மேல் எழுதியிருந்ததைப் படித்தார். உள்ளே தொலைபேசியில் பேசினார். "லீகல்லேருந்து வராங்க மேடம். உக்காருங்க."

"நீங்க வாங்கிக்கலாமே? விலாசம் இதுதானே?"

"உக்காருங்க மேடம்."

உட்கார முடியுமா? நின்றேன். சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பதும் லிஃப்டைப் பார்ப்பதுமாக நின்றேன். ஐந்து பத்து. ஐந்தே கால். யாரும் வரவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. யாரும் வரப்போவதில்லை, ஐந்தரை வரைக்கும்.

நான் மேசைக்குத் திரும்பிப் போனேன். கைபேசியை எடுத்து, வரவேற்பாளரும் சுவர்க் கடிகாரமும் உறையும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்தேன். அப்புறம் மெதுவாகத்தான் சொன்னேன். "தம்பி, உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல. உங்க கம்பெனி விலாசத்துல, ஆபீஸ் நேரத்துல, லெட்டர உங்க மேசைல வெச்சுட்டேன். நீங்க முத்திர போடலேன்னா, வாங்க மறுத்தது யாருன்னு நாளைக்கு உங்க பேரத்தான் எழுதுவேன். அவங்க பேர இல்ல."

அவர் லிஃப்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். இழுப்பறையைத் திறந்து முத்திரையை எடுத்தார். தேதி, நேரம், கையெழுத்து. ஐந்து இருபத்திரண்டு. பிரதியை வாங்கிக்கொண்டேன். படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன்.

வாசலை நோக்கித் திரும்புவதற்குள் அண்ணன் கைபேசியில் கூப்பிட்டார். "இப்பதான் மெசேஜ் வந்துது பாப்பா. நாளைக்கு மீட்டிங் இல்லையாம். அடுத்த தேதி சொல்லல." கொஞ்சம் நிறுத்தினார். "சொல்லவும் மாட்டாங்க."

"அண்ணே..."

"பரவால்ல. நம்மது நம்மகிட்ட இருக்குல்ல?"

"இருக்குண்ணே. ஒரு பொட்டுகூட அவங்க எடுத்துக்க முடியாது."

"அது போதும்" என்றார். போதவில்லை என்று குரலில் தெரிந்தது.

மூக்கிடம் சொன்னேன், கூட்டம் இல்லை என்று. அவன் தலையை மட்டும் ஆட்டினான். அப்போதுதான் லிஃப்ட் திறந்தது. வக்கீல் வரவில்லை. முதுகில் பையோடு, வீட்டுக்குக் கிளம்பிய ஒரு சின்னப் பெண் வந்தாள். மூக்கைப் பார்த்ததும் முகம் மலர்ந்து ஓடி வந்தாள்.

"சார்! நீங்க இங்கயா? நான் அனுப்பினதப் பாத்தீங்களா?"

அந்தப் பெண்தான். அவளிடம் கள்ளம் எதுவும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. கேட்கச் சொன்னதைக் கேட்டிருக்கிறாள், கற்றுக்கொண்டதை எழுதியிருக்கிறாள், சொல்லிக் கொடுத்தவரிடம் திருத்தம் கேட்டிருக்கிறாள். மேலே நடப்பது எதுவும் அவளுக்கு இன்னும் இறங்கி வரவில்லை.

"நாளைக்குக் காலைல நாங்களே ஒரு தடவ கலந்து பாக்கலாம்னு எல்லாம் எடுத்து வெச்சுட்டோம் சார். மீட்டிங்குக்கு முன்னாடியே செஞ்சு காட்டணும்னு சொன்னாங்க. ஒண்ணே ஒண்ணுதான் இடிக்குது. அன்னைக்கு உங்ககிட்ட கேக்க விட்டுப்போச்சு. ஆறப்போட்டுட்டு திரும்ப அரைக்கற உருளைல ஏத்தறோம்ல, அப்ப உருள சூடா இருக்கணுமா, குளிர்ந்து இருக்கணுமா?"

மூக்கு அவளைப் பார்த்தான். அவன் உதடு பிரிந்தது. எனக்கு அவனை இருபது வருஷமாகத் தெரியும். வாய் நுனியில் பதில் வந்து நின்றது எனக்கே தெரிந்தது. நான் அவன் சட்டையைப் பிடித்து இழுக்கக் கையைத் தூக்கிவிட்டேன்.

அவன் வாயை மூடினான். திரும்பவும் திறந்தான்.

"எனக்குத் தெரியாதும்மா" என்றான்.

அவள் சிரித்தாள். "சும்மா விளையாடாதீங்க சார்."

"நெஜமாத்தான். தெரியாது."

சொல்லிவிட்டு நடந்தான். நான் பின்னால் போனேன். காரில் ஏறியதும் சாவியை என் கையில் கொடுத்து, "நீங்க ஓட்டுங்கக்கா" என்று சொல்லிவிட்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.